குரல் மங்காமல் சகரச் சீறலை அடக்குவது எப்படி: விளக்கவுரைப் பதிவுக்கான டி-எஸ்ஸர் வழிகாட்டி

சகரத்தின் சீறலைக் குறைக்கும் கருவியான டி-எஸ்ஸர் போட்டதும் குரல் மங்கிவிட்டது, போர்வைக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கிறது என்று பலர் சொல்வார்கள். சீறலை அளவுக்கு மீறிக் குறைத்ததுதான் காரணம் என்று நினைத்து, குறைக்கும் அளவைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். சீறல் திரும்பி வந்துவிடும், மங்கல் அப்படியே இருக்கும். நான் பார்த்த பெரும்பாலான பதிவுகளில் உண்மையான காரணம் வேறு. சகரமே இல்லாத இடங்களிலும் கருவி வேலை செய்துகொண்டிருக்கிறது. ஈ, ஏ போன்ற உயிர்களின் மேல்பகுதியையும், ட்ட, க்க வெடிக்கும் நொடியையும் அது சேர்த்துச் சுரண்டுகிறது. சகரம் வரும்போது மட்டும் அது விழித்து, சகரம் முடிந்ததும் விட்டுவிட்டால், 6 டெசிபெல் குறைத்தாலும் குரல் மங்காது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலையில் நடந்துகொண்டே கேட்பதற்காக ஒரு பெண்மணி தமிழில் பேசிய விளக்கவுரை அது. வீவக வீட்டின் படுக்கையறையில், கண்டென்சர் மைக்கில் பதிவு செய்தது.

"தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் டேங்க் சாலையில் உள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை நோக்கி நடக்கிறார்கள்."

இதில் எட்டு இடங்களில் சீறல் வருகிறது. முதல் பாதியில் மட்டுமே ஆறு. சிங்கப்பூரில் இடப்பெயர்களைச் சொல்லத் தொடங்கினாலே இந்தக் கதைதான்: செங்காங், செம்பவாங், பாசிர் ரிஸ், பீஷான், சுவா சூ காங். விளக்கவுரை எழுதுபவரால் இவற்றைத் தவிர்க்க முடியாது. பதிவு செய்பவர்தான் சமாளிக்க வேண்டும்.

சீறல் எந்த அலைவரிசையில் இருக்கிறது

நாக்கின் முன்பகுதிக்கும் மேல் ஈறுக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு வெளியேறும் காற்று பல்லில் மோதும்போது சகரச் சீறல் பிறக்கிறது. அதன் பலம் பெண் குரல்களில் ஏறத்தாழ 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரையிலும், ஆண் குரல்களில் அதைவிடச் சற்றுக் கீழே 5 முதல் 7 வரையிலும் இருப்பது வழக்கம். ஷ இன்னும் கீழே, 3 முதல் 5 வரை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உயிரெழுத்துகளின் தெளிவு, சொல் காதில் துலக்கமாக விழும் அந்தக் கூர்மை, பெரும்பாலும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸில்தான் இருக்கிறது. டி-எஸ்ஸரை 3 கிலோஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யவிட்டால் ஷகரத்தோடு சேர்ந்து குரலின் துலக்கமும் போகும்.

தமிழில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்தில் ச என்று இருப்பதெல்லாம் ஒலியில் ஒன்றில்லை. சாலையில் வருவது நீண்ட சீறல். பச்சையில் வருவது நாக்கு அடைத்துத் திறக்கும் குறுகிய வெடிப்பு, சீறல் பகுதி மிகச் சிறியது. மஞ்சளில் வருவதைப் பெரும்பாலும் தொடவே வேண்டாம். நீண்ட சகரம்தான் காதைக் குத்துகிறது. ச்ச, ட்ட, ற்ற மூன்றையும் கருவி தொடாமல் விட வேண்டும். அவற்றை நறுக்கினால் பேச்சின் மிடுக்கே போய்விடும்.

இந்தக் குரலுக்கு எந்த எண் என்பதைக் கணிக்க வேண்டாம், அளந்துவிடலாம். ஆடாசிட்டியில் தடத்தின் பெயரைச் சொடுக்கி, அலைவடிவத்துக்குப் பதிலாக ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாறுங்கள். உயிரெழுத்துகள் கீழே அடுக்கடுக்கான கோடுகளாகத் தெரியும். சகரங்கள் கோடு எதுவும் இல்லாமல், மேலே பளிச்சென்ற மேகமாகத் தெரியும். ஒரு சகரத்தின் மேகத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள், பொதுவாக 80 முதல் 150 மில்லிசெகண்ட் இருக்கும். Analyze பட்டியலில் Plot Spectrum திறந்து, Size என்பதில் 2048 வைத்து, மேட்டின் உச்சி எங்கே என்று பாருங்கள். ரீப்பர் போன்ற வேறு மென்பொருளில் வேலை செய்பவர்கள், ஈக்வலைசரில் வரும் அலைவரிசைக் காட்சியிலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் வாக்கியத்தில் சிராங்கூனின் சி 7.8 கிலோஹெர்ட்ஸில் உச்சம் காட்டியது. சாலையின் சா 7.4. தைப்பூசத்தின் ச 6.5. உதடு குவியும் ஒலிக்குப் பக்கத்தில் வரும் சகரம் கீழே இறங்கும், இகரத்துக்கு முன்னால் வருவது மேலே ஏறும். அதனால் இந்த வித்தியாசம் இயல்புதான். ஆனால் மூன்று ஸ்ரீகளும் 4.2க்கு அருகில் நின்றன. இவர் ஸ்ரீ என்பதை ஷகரத்தை ஒட்டியே உச்சரிக்கிறார். இந்த ஒரு தகவல் பின்னால் முழு முடிவையும் மாற்றப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டி-எஸ்ஸருக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

பதிவிலேயே குறைக்க முடிந்ததை அங்கேயே குறையுங்கள். வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் மைக்கை வைத்து, வாயின் நேர்க்கோட்டிலிருந்து 20, 30 டிகிரி விலக்கித் திருப்பினால் பல குரல்களில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நம் வீடுகளின் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் இன்னொரு தொல்லை. சகரம் சுவரில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலி மெல்லியதாக இருப்பதால் டி-எஸ்ஸர் அதைப் பிடிக்காது. சகரத்தைக் குறைத்த பிறகு அந்த வால் மட்டும் தனியாகத் தெரியும். தடித்த போர்வை ஒன்றைப் பேசுபவருக்குப் பின்னால் தொங்கவிட்டு, தரையில் பாய் விரித்தால் போதும். பதிவாகும்போதே அளவு மீறி உடைந்து கரகரக்கும் சகரத்துக்கும் டி-எஸ்ஸரில் மருந்து கிடையாது. அந்த வரியைத் திரும்பப் பேசவைப்பதுதான் வழி.

அடுத்தது, உரத்த ஒலிகளைச் சுருக்கிக் குரலின் அளவைச் சமமாக்கும் கம்ப்ரஸர். அதுதான் பல பதிவுகளில் சீறலைக் கிளப்பிவிடுகிறது, எப்படி என்று கணக்காகப் பார்ப்போம். ஓர் உயிரெழுத்து −10 டெசிபெல்லில் இருக்கிறது, அதன் பக்கத்துச் சகரம் −20இல் இருக்கிறது. கம்ப்ரஸர் வேலை செய்யத் தொடங்கும் அளவான த்ரெஷோல்ட் −18, விகிதம் 4:1. உயிர் த்ரெஷோல்டைவிட 8 டெசிபெல் மேலே நிற்பதால், அது 2ஆகச் சுருங்கி −16க்கு வரும். சகரம் த்ரெஷோல்டுக்குக் கீழே இருப்பதால் தப்பித்துவிடும். இழந்த 6 டெசிபெல்லை மேக்கப் கெயினில் திருப்பிக் கொடுத்தால் உயிர் மறுபடி −10, சகரமோ −14. முன்பு பத்து டெசிபெல் இடைவெளி, இப்போது நான்கு. சகரத்தை யாரும் தொடவில்லை, ஆனாலும் அது குத்தத் தொடங்கிவிட்டது.

அதனால் டி-எஸ்ஸரைக் கம்ப்ரஸருக்குப் பின்னால் வைப்பதே என் வழக்கம். முன்னால் வைக்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. கடும் சகரம் கம்ப்ரஸரைத் தட்டிவிடும் பாட்டுக் குரலில் அதில் நியாயம் இருக்கிறது. விளக்கவுரையில் பின்னால் வைப்பதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. பெரும்பாலான டி-எஸ்ஸர்களின் த்ரெஷோல்ட் ஒரு நிலையான எண். பேசுபவர் உற்சாகமாகக் குரலை உயர்த்தினால் சாதாரண சகரமும் அதைத் தாண்டும். வாக்கிய முடிவில் குரல் தாழ்ந்தால் குத்தும் சகரமும் தப்பிவிடும். அளவு சமமான பிறகு டி-எஸ்ஸர் வந்தால் ஒரே எண் முழுப் பதிவுக்கும் பொருந்தும். உயர் அலைவரிசைகளை ஈக்வலைசரில் ஏற்றும் வேலை இருந்தால் அதையும் டி-எஸ்ஸருக்கு முன்னாலேயே முடியுங்கள். பின்னால் ஏற்றினால், அடக்கிய சீறலை நீங்களே திரும்ப அழைத்து வருகிறீர்கள்.

அமைப்புகளை ஒவ்வொன்றாக

முதலில் கருவி எதைக் கேட்டு விழிக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவோம். டிடெக்‌ஷன், சைட்செயின் என்று வெவ்வேறு பெயர்களில் இருக்கும் அந்த வடிகட்டியை இந்தக் குரலுக்கு 5.5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை வைத்தேன். 6.5இல் இருக்கும் தைப்பூசமும் 7.8இல் இருக்கும் சிராங்கூனும் உள்ளே வருகின்றன. உயிர்களின் துலக்கம் வெளியே நிற்கிறது. லிசன் பொத்தான் இருந்தால் அழுத்தி, அந்த வடிகட்டிக்குள் என்ன விழுகிறது என்று கேளுங்கள். சகரங்கள் உரக்கவும் மற்றவை மெல்லிய கிசுகிசுப்பாகவும் கேட்க வேண்டும். ஈ, ஏ உரக்கக் கேட்டால் கீழ் எல்லையை இன்னும் உயர்த்துங்கள்.

அடுத்து ரேஞ்ச், அதாவது அதிகபட்சமாக எவ்வளவு குறைக்கலாம் என்ற வரம்பு. த்ரெஷோல்டைத் தொடுவதற்கு முன்னாலேயே இதை 6 டெசிபெல்லில் பூட்டிவிடுங்கள். இந்த வரம்பு இருந்தால் பிறகு வரும் எந்தப் பிழையும் பெரிய சேதம் செய்யாது. ரேஞ்ச் இல்லாத கருவியாக இருந்தால் விகிதத்தைக் குறைவாக, 3:1 அளவில் வையுங்கள்.

இப்போது த்ரெஷோல்ட். நம் வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலிருந்து மெல்ல இறக்குங்கள். குறைப்பு மீட்டரைப் பாருங்கள். முதலில் சிராங்கூனில் மட்டும் முள் துடிக்கும், அப்புறம் சாலை, தைப்பூசம். சாதாரண சகரங்களில் 2, 3 டெசிபெல்லும் மிக மோசமானதில் 5, 6ம் காட்டும்போது நிறுத்துங்கள். உள்ள, நோக்கி, நடக்கிறார்கள் ஆகிய சொற்களில் முள் அசையவே கூடாது. அவற்றில் ஒரு சீறலும் இல்லை. நடக்கிறார்கள் என்பதன் க்கியில் முள் அசைந்தால் த்ரெஷோல்ட் தாழ்ந்துவிட்டது என்று பொருள். மங்கல் தொடங்குவது சரியாக அந்த இடத்தில்தான்.

சகரம் வந்ததும் கருவி எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்பதுதான் அட்டாக். அதை 1 மில்லிசெகண்டுக்குள் வையுங்கள், வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்க்கும் லுக்-அஹெட் இருந்தால் ஓரிரு மில்லிசெகண்ட் கொடுங்கள். இல்லாவிட்டால் சகரத்தின் முனை மட்டும் தப்பி, டிக் என்று கேட்கும். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சகரம் முடிந்ததும் கருவி கையை எடுக்க ஆகும் நேரமான ரிலீஸில்தான் நிதானம் வேண்டும். இந்தப் பதிவில் ரிலீஸ் முதலில் 200 மில்லிசெகண்டில் இருந்தது. சாலை என்ற சொல்லைத் தனியாக எடுத்துக் கேட்டால், சகரம் நன்றாக அடங்கியிருந்தது. ஆனால் அதைத் தொடரும் ஆ மூடியது போல் தொடங்கி, லை வரும்போதுதான் முழுதாகத் திறந்தது. சகரம் நூறு மில்லிசெகண்டில் முடிந்துவிட்டது, கருவி இன்னும் கையை எடுக்கவில்லை. ரிலீஸை 50க்கு இறக்கியதும் ஆ முதல் கணத்திலிருந்தே திறந்த குரலாக வந்தது. த்ரெஷோல்டில் எந்த மாற்றமும் இல்லை. குரல் மங்குகிறது என்று உங்களுக்குத் தோன்றினால் முதலில் ரிலீஸைப் பாருங்கள், 40 முதல் 80 வரை பெரும்பாலான குரல்களுக்குச் சரியாக வரும். அதைவிட மிகக் குறைத்தால் ஒரே சகரத்துக்குள் கருவி பிடித்து விட்டுப் பிடித்து, சீறல் படபடக்கும்.

கடைசியாக, வைட் பேண்டா ஸ்பிளிட் பேண்டா என்ற தேர்வு. வைட் பேண்ட் சகரம் வரும் கணத்தில் முழுக் குரலையும் இறக்குகிறது. ஸ்பிளிட் பேண்ட் மேல் அலைவரிசைகளை மட்டும் இறக்குகிறது. ஸ்பிளிட்தான் குரலுக்குப் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் தனிக் குரலில் நான் வைட் பேண்டிலிருந்தே தொடங்குவேன். சகரம் ஒலிக்கும்போது 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ எதுவுமே இருப்பதில்லை, அதனால் முழுவதையும் இறக்கினாலும் இழப்பு கிடையாது. சகரம் தன் நிறம் மாறாமல் மெல்லியதாகிறது. ஸ்பிளிட்டில் அதிகம் குறைத்தால் சகரத்தின் மேல்பாதி போய்க் கீழ்ப்பாதி மட்டும் நின்று, சிராங்கூன் திராங்கூனாகக் கேட்கத் தொடங்கும். ஒரு நிபந்தனை: டிடெக்‌ஷன் துல்லியமாக இருக்க வேண்டும். தவறான இடத்தில் விழித்தால் வைட் பேண்டில் குரலே ஒரு கணம் அமுங்கித் தெரியும். பின்னணி இசையோ சாலை இரைச்சலோ ஏற்கெனவே கலந்துவிட்ட பதிவு என்றால் ஸ்பிளிட் பேண்டுக்குத்தான் போக வேண்டும். அப்போது பிரிக்கும் எல்லையை 5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்காதீர்கள்.

எடுத்ததை எடுத்துக் கேளுங்கள்

கருவி என்ன விட்டுவைத்தது என்பதைவிட, என்ன எடுத்தது என்று கேட்பதுதான் நம்பகமான சோதனை. சில டி-எஸ்ஸர்களில் டெல்டா என்ற பொத்தான் இருக்கும், அழுத்தினால் நீக்கிய ஒலி மட்டும் கேட்கும். இல்லையென்றால் தடத்தை நகலெடுத்து, ஒன்றில் டி-எஸ்ஸரை நிறுத்தி, அதன் துருவத்தைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அழித்துக்கொண்டு வித்தியாசம் மட்டும் மிஞ்சும்.

மிஞ்சுவது ஸ், ஸ், ஸ் என்று துண்டு துண்டாக, நடுவில் முழு அமைதியோடு இருந்தால் அமைப்பு சரி. வைட் பேண்டாக இருந்தால் சகரத்தை ஒட்டி உயிரின் ஒரு சிறு நுனி சேர்ந்து கேட்கலாம், அதில் தவறில்லை. அந்த மிச்சத்தை மட்டும் கேட்டு வாக்கியம் இன்னது என்று புரிந்துகொள்ள முடிந்தால், குரலையே வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உயிர்கள் நீளமாகக் கேட்டால் ரிலீஸைக் குறையுங்கள். ட்ட, க்க தெறித்துக் கேட்டால் த்ரெஷோல்டை ஏற்றுங்கள். இரண்டும் இல்லாமல் மெல்லிய ஈ, ஏ மட்டும் கேட்டால் டிடெக்‌ஷனின் கீழ் எல்லையை உயர்த்துங்கள்.

ஸ்ரீக்கு என்ன வழி

நம் வாக்கியத்தில் தைப்பூசமும் சிராங்கூனும் இரண்டு சாலைகளும் ஸ்ரீநிவாசரின் கடைசி சகரமும் அடங்கிவிட்டன. மூன்று ஸ்ரீகள் மட்டும் குத்திக்கொண்டே இருந்தன. 4.2 கிலோஹெர்ட்ஸில் இருப்பவை 5.5இலிருந்து கேட்கும் டிடெக்‌ஷனில் சரியாக விழவில்லை. இந்த இடத்தில் எல்லையை 3.5க்கு இறக்கிவிடலாம் என்று கை போகும். இறக்கினால் ஸ்ரீ அடங்கும், கூடவே தெண்டாயுதபாணியின் தெ, கோயிலின் கோ எல்லாம் முள்ளை அசைக்கும். மூன்று ஒலிகளுக்காக முழுப் பதிவையும் மங்கச் செய்வது நியாயமான விலை இல்லை.

இவற்றைக் கையால் செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்ரீயிலும் ரகரம் தொடங்குவதற்கு முன்னால் வரும் சீறல் பகுதியை மட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்து வெட்டி, அந்தத் துண்டின் அளவை 3 முதல் 4 டெசிபெல் இறக்கி, இரண்டு ஓரத்திலும் 5 மில்லிசெகண்ட் ஃபேட் கொடுங்கள். இதைக் கம்ப்ரஸருக்கு முன்னால், அசல் துண்டிலேயே செய்ய வேண்டும். பத்து நிமிட விளக்கவுரையில் இப்படிக் கையால் தொட வேண்டியவை பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும். கோயில் பெயர்கள் நிறைந்த பகுதி என்றால் கூடுதலாக இருக்கும், அதற்கான நேரத்தை முதலிலேயே ஒதுக்கிக்கொள்ளுங்கள். வழக்கத்துக்கு மாறாக மிகக் கடுமையாக வரும் ஒன்றிரண்டு சகரங்களையும் இதே முறையில் முன்கூட்டியே இறக்கிவிட்டால், அவற்றுக்காக டி-எஸ்ஸரை இறுக்க வேண்டியிருக்காது.

முடிவைச் சரிபார்ப்பது

நீண்ட நேரம் ஹெட்ஃபோனில் சகரத்தையே கேட்டுக்கொண்டிருந்தால் காது இரண்டு விதமாக ஏமாற்றும். ஒன்று, சீறல் பழகிப்போய்க் குறைவாகத் தோன்றும். இரண்டு, எங்கும் சீறலாகவே தோன்றி மேலும் மேலும் இறுக்கத் தூண்டும். அதனால் அமைப்பை முடித்ததும் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு வந்து, வாக்கியத்தைக் கருவியோடும் கருவி இல்லாமலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அப்போது சகரத்தைக் கவனிக்காதீர்கள், பெருமாள், கோயில், நோக்கி ஆகிய சொற்களைக் கவனியுங்கள். இரண்டு நிலையிலும் அவை ஒரே மாதிரி ஒலித்தால் குரல் மங்கவில்லை.

பிறகு கேட்பவர் கையில் போகப்போகும் வடிவத்திலேயே ஒரு முறை ஏற்றுமதி செய்யுங்கள். குறைந்த பிட்ரேட்டில் எம்பி3 ஆக்கும்போது சகரம் நீர் தெறிப்பதுபோல் சிதறக்கூடும், மூலக் கோப்பில் அது தெரியாது. அதைக் கைப்பேசியில் போட்டு, சாதாரண இயர்ஃபோனில், விரைவு ரயிலிலோ தேக்கா சந்தைப் பக்கமோ கேட்டுப் பாருங்கள். சுற்றுச் சத்தம் குரலின் அடிப்பகுதியை விழுங்கிவிடும். சகரம் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு தெரிந்தால் த்ரெஷோல்டை 1, 2 டெசிபெல் மட்டும் இறக்கினால் போதும். மாறாக, சாலை எது, தாலி எது என்று தடுமாறும் அளவுக்குச் சொல் குழைந்தால் கூடுதலாகக் குறைத்திருக்கிறீர்கள், ரேஞ்சை 6இலிருந்து 4க்குக் கொண்டுவாருங்கள்.

இந்த எண்களை அடுத்தவர் குரலுக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அதே பெண்மணி வேறொரு நாளில், மைக்கிலிருந்து வேறு தூரத்தில் பேசினாலும் த்ரெஷோல்ட் மாறிவிடும். டிடெக்‌ஷன் எல்லையும் ரிலீஸும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். எனவே அவருடைய அமைப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு, புதிய பதிவு வந்ததும் சகரம் நிறைந்த ஒரு வாக்கியத்தைத் தேடி, த்ரெஷோல்டை மட்டும் அதில் புதிதாக வையுங்கள்.